மைமலில் ஒளிரும் யன்னல்

சென்ற மாதம் இலண்டனில் வாழும் நண்பர் ஒருவர் ஒரு படத்தை அனுப்பி, அதனோடு ஒரு வேண்டுகோளும் விடுத்திருந்தார். உரும்பிராயில் அவர் பிறந்து வளர்ந்த வீட்டின் படம் அது. வீடு விற்றாகிவிட்டது, வாங்கியவர் அதனை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார். ஊரிலிருக்கும் உறவுக்காரப் பையன் ஒருவன் கடைசியாக ஒருமுறை சென்று, மாலை நாலரை மணியளவில் எடுத்த படம். “இதை மைமல் பொழுதாக மாற்றித் தரமுடியுமா? யன்னல்களில் வெளிச்சம் எரியவேண்டும். அக்காவின் எழுபத்தைந்தாவது பிறந்த நாளுக்குச் சட்டமிட்டுக் கொடுக்க விரும்புகிறேன்” என்று நண்பர் எழுதியிருந்தார்.

மைமலிலேயே சென்று மற்றொரு படம் எடுத்தால் என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அந்த வீட்டில் மின்னிணைப்புத் துண்டிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. விளக்கில்லாத வீட்டை மைமலில் எடுத்தால் கிடைப்பது ஒரு கரிய உருவமேயன்றி வேறன்று. ஆதலின் கணினியில் உட்கார்ந்து செய்வதைத் தவிர வழியில்லை.

பகற்படத்தை இருட்டாக்கினால் மாலைப்படம் ஆகிவிடும் என்பது பலருடைய எண்ணம். பழைய திரைப்படங்களில் இந்த வித்தையைத்தான் செய்தார்கள். நண்பகலில் காட்சியைக் குறைந்த ஒளியில் பதிந்து, நீலக் கண்ணாடியைக் கமராவின் முன் வைத்துவிட்டு ‘இரவு’ என்பார்கள். பிரெஞ்சுக்காரர் இதற்கு ‘அமெரிக்க இரவு’ என்று பெயரிட்டனர். துரூஃபோ என்ற இயக்குநர் 1973இல் அப்பெயரிலேயே ஒரு படமும் எடுத்தார். கதாநாயகன் நள்ளிரவில் நடந்து வருவான். அவன் காலடியில் கத்தியால் வெட்டினாற்போல நிழல் விழுந்திருக்கும். பார்ப்பவர் காரணம் அறியாவிடினும், ஏதோ பொருந்தவில்லை என்று அவர் கண் சொல்லிவிடும்.

பொருந்தாமைக்குக் காரணம் இதுதான். பகலில் ஒளி சூரியன் என்ற ஒரே இடத்திலிருந்து வருகிறது. ஆகவே நிழலுக்குக் கூரிய விளிம்புண்டு. சூரியன் மறைந்தபின் வானம் முழுவதுமே விளக்காகிவிடுகிறது, நிழல் கரைந்துபோகிறது. எத்தனை கருமையாக்கினாலும், ஓட்டுக்கூரையின் இறவாரம் சுவரில் வீழ்த்திய நிழற்கோடு அழியாது. அதனை அழித்தெடுக்க முனைவது வீண் வேலை. வேறு படம் தேடுவதே புத்தி. மாரிகாலத்து மூட்டமான நாளில் எடுத்த படம் மிகவும் நன்று. அது கிடையாவிடின், வீட்டின் முகப்பு நிழலில் இருக்கும் வேளையில் எடுத்த படம் வேண்டும்.

நண்பரின் வீட்டுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. அது கிழக்குப் பார்த்த வீடு. நாலரை மணிக்குச் சூரியன் வீட்டின் பின்புறம் போய்விட்டது. முன்சுவரும் விறாந்தையும் சீரான நிழலில் இருந்தன. வானத்தை மெல்லிய முகில் மூடியிருந்தது. இன்னொரு நன்மையும் உண்டு. கிழக்குப் பார்த்த வீட்டைப் படமெடுப்பவர் மேற்கை நோக்கி நிற்கிறார். ஆதலால் செக்கர் வானம் வீட்டுக்குப் பின்னே அமைவது இயற்கை. மேற்குப் பார்த்த வீட்டின் பின்னே செம்மஞ்சள் வானத்தை ஒட்டிவிடுபவர்களும் இருக்கிறார்கள். சூரியன் கிழக்கே மறைந்த அதிசயத்தை அவர்களுடைய படங்களில்தான் காணலாம்!

இனி வேலைக்கு வருவோம். நான் பயன்படுத்தியது GIMP என்ற இலவச மென்பொருள். வேறு எதிலும் இதே முறைதான். முதலில் வானம். வீட்டின் பின்னே இரண்டு பனைகளும் ஒரு வேம்பும் நின்றன. வானத்தை வெட்டியெடுத்துவிட்டு வேறு வானத்தை வைக்கப் புகுந்தால் பனையோலையின் ஒவ்வொரு நுனியிலும் வெள்ளைக் கரை மிஞ்சும்; அந்தக் கரையே திருட்டைக் காட்டிக்கொடுக்கும். நான் வெட்டவில்லை. மேலே ஆழ்ந்த நீலமும், கீழே வரவர வெளிறி, கூரைமட்டத்தில் மங்கிய செம்மஞ்சளுமாக ஒரு நிறப்படலத்தை வரைந்து, அதனை Multiply என்ற முறையில் படத்தின்மீது படியவைத்தேன். இம்முறையில் வெண்மையான இடம் படலத்தின் நிறத்தை ஏற்கும். கரிய இடம் கரியதாகவே நிற்கும். முகில் வெளுப்பாக இருந்தபடியால் வானம் நிறம் மாறிற்று. பனையோலை ஒரு நுனியும் குலையாமல் நின்றது. நீலவானப் படமாக இருந்தால் இது இத்தனை எளிதில் வாய்த்திராது.

அடுத்தது வீடு. Curves என்ற கருவியால் சுவர், முற்றம், மதில் ஆகியவற்றின் ஒளியை இருமுறை பாதியாக்கினேன், அதாவது காற்பங்காயிற்று. பின்னர் சிவப்பைச் சற்றுக் குறைத்தேன். மைமலில் வானத்திலிருந்து வரும் ஒளி நீலம் மிகுந்தது. சிவந்த பொருள் திருப்பிவிடச் சிவப்பொளி அதில் அதிகம் இல்லை. ஆகவே ஓடு செந்நிறம் இழந்து கபில நிறமாகவேண்டும். செம்பரத்தம்பூவும் அப்படியே. ஓடு பகலிற்போலச் சிவந்திருந்தால் படம் கெட்டது என்று கொள்க.

இப்போது யன்னல். பகலில் யன்னல் ஏன் கறுப்பாகத் தெரிகிறது? வெயிலில் வெளியொளி ஓர் இலட்சம் லக்ஸ் வரை செல்லும். மின்குமிழ் எரியும் வீட்டறையில் நூறு இருந்தாலே தாராளம். சூரியன் மறைந்து இருபது நிமிடங்களில் வெளியொளி நாலைந்து லக்ஸுக்கு இறங்கிவிடுகிறது. அறையோ அப்படியே இருக்கிறது. தராசு மறுபக்கம் சாய்கிறது. மைமல் என்பது இந்தச் சாய்வுதான். நம் குடாநாட்டில் இது விரைவில் நிகழ்கிறது. நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால் சூரியன் செங்குத்தாக இறங்குகிறது. மறைந்தபின் ஏறக்குறைய இருபத்திரண்டு நிமிடங்களில் செக்கல் முடிந்துவிடும். ஆனி மாதத்து இலண்டனில் அதே பொழுது முக்கால் மணி நேரம் நீடிக்கும். உண்மையான மைமற் படம் எடுக்க விரும்புவோர் மறைவுக்குமுன்பே கமராவை நிறுத்திவைத்துக் காத்திருக்கவேண்டும்.

யன்னலுக்குள் மஞ்சள் நிறத்தை நிரப்பிவிட்டால் ஒளி வந்துவிடாது; மஞ்சட்காகிதம் ஒட்டியதுபோல் இருக்கும். நம் பழைய வீடுகளின் யன்னலில் கண்ணாடி இல்லை. மரக்கதவும் இரும்புக் கம்பிகளும்தாம். கம்பிகளைத் தொடாமல் அவற்றின் இடைவெளியை மட்டும் தெரிவுசெய்து, உள்ளே மங்கலாகத் தெரிந்த சுவரையும் அலுமாரியின் விளிம்பையும் முதலில் வெளிச்சமாக்கினேன். அதன் மேலேதான் நிறம். சிவப்பு 255, பச்சை 170, நீலம் 90 என்று கொடுத்தால் பழைய மின்குமிழின் நிறத்துக்கு அண்மையில் வரும். குமிழ் அறையின் உயரத்தில் தொங்குவதால் யன்னலின் மேற்பாதி ஒளி கூடியும், கீழ்மூலைகள் மங்கியும் இருக்கவேண்டும். எங்கும் முழுவெண்மை வரலாகாது. கம்பிகள் கறுத்து நிற்கவேண்டும். அவை நின்றால்தான் உள்ளே ஒளி இருப்பதைக் கண் நம்பும்.

ஒளி யன்னலோடு நின்றுவிடுவதில்லை என்பதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். விளக்கெரியும் யன்னலின் அடிக்கட்டையில் ஒளி படும். விறாந்தைத் தரையில் விழும். தூணின் உட்பக்கத்தைத் தொடும். இந்த வீட்டின் விறாந்தை மெழுகித் தேய்த்த சிவப்புச் சீமெந்துத் தரை. அதில் யன்னலின் நேர்கீழே நீண்ட மங்கற்கோடாக ஒளி பிரதிபலிக்கவேண்டும். அதே நிறத்தில் மென்மையாகத் தீட்டி, Gaussian Blur கொண்டு விளிம்பைக் கரைத்தேன். முற்றத்து மணலில் இரண்டு முழத்துக்குள் அது மறைந்துவிடும்படி விட்டேன். முதலில் படலைவரை நீட்டியிருந்தேன். வீட்டுக்குள் மோட்டார்வண்டி விளக்கு எரிவதுபோல் இருந்தது!

முடித்தபின் கண்களை இடுக்கிக்கொண்டு பார்த்தேன். இது பழைய சித்திரக்காரர் செய்யும் சோதனை. முதலில் யன்னலும், அடுத்துக் கூரைக்கு மேலுள்ள வானமும், பிறகு சுவரும், கடைசியில் மரங்களும் தெரிந்தால் வரிசை சரி. சுவர் வானத்தை முந்தினால் இன்னும் பகல் மிச்சமிருக்கிறது.

வரிசை சரியாகத்தான் இருந்தது. படத்தை அனுப்பினேன். பிறந்த நாள்வரை பொறுக்கமாட்டாமல் நண்பர் அதை அக்காவிடம் காட்டிவிட்டார். மறுநாள் அம்மையார் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

“தம்பி, வீடு வடிவாத்தான் இருக்கு. ஆனால் இதென்ன, கலியாண வீடோ? எல்லா யன்னலிலும் வெளிச்சம் எரியுதே!”

நான் எண்ணிப் பார்த்தேன். ஐந்து யன்னல்களிலும் ஒளியேற்றியிருந்தேன்.

“எங்கட அம்மா செக்கலிலே சாமியறையிலே விளக்கு வைச்சாப் பிறகுதான் மற்ற அறையிலே லைற் போட விடுவா. அதுவும் ஐயா வந்து இருக்கிற முன்னறை மட்டும். இடக்கைப் பக்கம் ஒரு சின்ன யன்னல் தெரியுதெல்லே, அதுதான் சாமியறை. அங்கே லைற் இல்லை, குத்துவிளக்குத்தான்.”

விளக்கை எங்கே வைப்பது என்பதை நான் ஒளிநூலில் தேடினேனேயன்றி, அந்த வீட்டில் வாழ்ந்தவரிடம் கேட்கவில்லை. ஆண்டையும் கேட்டிருக்கவேண்டும். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் பல ஆண்டுகள் மின்சாரமே இல்லை. அக்காலத்து மைமலைக் கேட்பவருக்கு ஜாம் போத்தல் விளக்கின் சிறு சுடரன்றி மின்குமிழின் நிறத்தைக் கொடுப்பது பிழை. அம்மையாரின் நினைவில் இருந்ததோ, அவர் மணமாகிப் போகுமுன் இருந்த வீடு.

மீண்டும் உட்கார்ந்தேன். மூன்று யன்னல்களை அணைத்தேன். அவற்றின் கீழே தரையில் விழுந்திருந்த ஒளியையும் மறவாமல் அழித்தேன். முன்னறை யன்னலை அப்படியே விட்டேன். சின்ன யன்னலுக்கு எண்ணெய்ச் சுடரின் நிறம் வேண்டுமாதலால் பச்சையை 140 ஆகவும் நீலத்தை 40 ஆகவும் இறக்கினேன். குத்துவிளக்குத் தரையில் நிற்பது. ஆதலால் ஒளி கீழிருந்து வரவேண்டும். யன்னலின் கீழ்ப்பாதியைக் கூட்டி, மேற்பாதியை ஏறக்குறைய இருளாகவே விட்டேன். விறாந்தையில் அதன் ஒளி விழவேயில்லை. கீழிருந்து மேனோக்கும் ஒளி யன்னலைத் தாண்டி இறங்காது. இறவாரத்தின் அடிப்பலகையில் மட்டும் மயிரிழைபோல் ஒரு மஞ்சட்சாயல் வைத்தேன்.

இரண்டாம் படம் போய்ச் சேர்ந்த அன்று அம்மையார் அழைக்கவில்லை. நண்பர்தான் எழுதினார்: சட்டம் போடக் கொடுத்தாயிற்றாம், அக்கா படத்தைக் கையில் வாங்கியதும், சின்ன யன்னலின்மேல் விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தாராம்.