மூன்றரை விழுக்காடும் மனத்தின் கணக்கும்



மதுரையைச் சுற்றியுள்ள ஏதோ ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தை எண்ணிப் பார்ப்போம். பத்தாண்டுகளுக்கு முன் இளநிலை உதவியாளராகப் பணியில் சேர்ந்த நம் சகோதரி ஒருவருக்கு உதவியாளராகப் பதவி உயர்வு ஆணை வருகிறது. வீட்டில் இனிப்பு வழங்குகிறார்கள். அவரோ இரவில் உறக்கமின்றிக் கிடக்கிறார். "நான் மூன்றரையில் வந்தவள். இது எனக்கு உரியதன்று. ஒரு நாள் எல்லோரும் கண்டுகொள்வார்கள்" என்று உள்ளம் அரிக்கிறது. இத்தகைய சகோதரிகள் நம் மஹல்லாக்களில் பலர் இருக்கிறார்கள். வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

முதலில் அந்த மூன்றரையைப் பார்த்துவிடுவோம். தமிழகத்தில் பிற்படுத்தப்பட்டோருக்கான 30 விழுக்காட்டுக்குள் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2007இல் வந்தது. நேரடி நியமனத்தில் 200 இடங்கள் கொண்ட சுழற்சியில் ஏழு இடங்கள் இதற்கு உரியவை. பொதுப் பிரிவு இடங்கள் சமுதாயம் பாராமல் மதிப்பெண் வரிசைப்படி நிரப்பப்படுகின்றன. அங்கேயே இடம்பெறும் முஸ்லிம் இந்த ஏழில் கணக்கிடப்படுவதில்லை. ஆகவே அலுவலகத்தில் இருக்கும் முஸ்லிம்கள் அனைவரும் ஒதுக்கீட்டில் வந்தவர்கள் என்பது பிழையான கணக்கு. நம் சகோதரி அந்த ஏழில் ஒருவராகவே வந்திருக்கட்டும். அவர் எழுதியதும் மற்றவர்கள் எழுதிய அதே வினாத்தாளைத்தான். மேலும், அந்த ஒதுக்கீடு பணியில் நுழையும் வாயிலுக்கு உரியது. பதவி உயர்வுக்கு அவர் துறைத் தேர்வுகளில் தேற வேண்டியிருந்தது, பத்தாண்டுக் காலம் கோப்புகளோடு உழல வேண்டியிருந்தது. அந்த ஆண்டுகளை மறந்து வாயிலை மட்டுமே நினைக்கிறது மனம்.

இந்த மனநிலையை 1978இல் பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்னும் இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஆராய்ந்து எழுதினார்கள். படிப்பிலும் பணியிலும் சிறந்து விளங்கிய பெண்கள் தம் வெற்றிக்கு அதிர்ஷ்டமோ தேர்வாளரின் கவனக்குறைவோதான் காரணம் என்று நம்பியதை அவர்கள் கண்டார்கள். பாராட்டு இதை ஆற்றுவதில்லை. அஞ்சி அஞ்சி அளவுக்கு மீறி உழைக்கிறார்கள். வெற்றி வந்தால் 'உழைத்ததால் தப்பித்தேன்' என்கிறார்கள். தகுதியின் கணக்கில் எதுவும் சேர்வதில்லை. ஆயினும் நம் சகோதரியின் நிலை இதிலிருந்து ஒருவகையில் வேறுபட்டது. அவருடைய ஐயம் முழுவதும் உள்ளிருந்து முளைத்ததன்று. 'கோட்டா' என்று முதுகுக்குப் பின்னே சொல்லப்பட்ட சொல் அது. பிறர் இட்ட ஐயத்தை அவருடைய மனக்குறையாக மட்டும் பேசுவதை நாம் ஏற்பதற்கில்லை.

இதைப் பணிவு என்று புகழ்வோரும் நம்மிடையே உண்டு. அதனையும் நாம் ஏற்கவில்லை. பணிவுள்ளவர் வந்த நிஃமத்தை அல்லாஹ்வின் அருளென ஒப்புக்கொள்கிறார். இங்கோ வந்தது நிஃமத்தே அன்று, ஏதோ தவறுதலாகக் கைக்கு வந்துவிட்டது என்றல்லவா மனம் சொல்கிறது?

எல்லா ஐயமும் வீண் என்று சொல்லிவிடவும் முடியாது. அபூதர் (ரலி) அவர்கள் பொறுப்பொன்றைக் கேட்டபோது, நீர் பலவீனமானவர், அது ஓர் அமானத் என்ற பொருள்பட நபி (ஸல்) அவர்கள் மறுத்ததை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். இறையச்சத்தில் அவருக்கு நிகரானோர் சிலரே. எனினும் அந்தப் பணிக்கு அவர் பொருந்தவில்லை. நல்ல மனிதர் என்பதும் குறிப்பிட்ட பணிக்கு ஏற்றவர் என்பதும் இருவேறு செய்திகள்.

அப்படியானால் எது உண்மையான குறை, எது வெறும் அச்சம் என்று எவ்வாறு அறிவது? மூஸா (அலை) அவர்களின் வரலாற்றில் வழி இருக்கிறது. ஃபிர்அவ்னிடம் செல்லப் பணிக்கப்பட்டபோது, 'நான் தகுதியற்றவன்' என்று அவர்கள் பொதுவாகச் சொல்லி ஒதுங்கவில்லை. தம் நாவின் தடையைச் சொன்னார்கள், முன்பு நேர்ந்த கொலையால் தம்மைக் கொன்றுவிடுவார்கள் என்ற அச்சத்தைச் சொன்னார்கள், தம் சகோதரர் ஹாரூனைத் துணையாகக் கேட்டார்கள். கேட்டது கொடுக்கப்பட்டது என்று தாஹா அத்தியாயம் கூறுகிறது. பணியும் திரும்பப் பெறப்படவில்லை.

நம் சகோதரியும் தம் குறையை ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும். 'பட்டா மாறுதல் மேல்முறையீட்டுக் கோப்பில் குறிப்பு எழுதத் தெரியவில்லை' என்று எழுத முடிந்தால் அது உண்மையான குறை. அதை அறிந்த மூத்தவர் ஒருவர் அதே அலுவலகத்தில் இருப்பார். சில கோப்புகளை அவரோடு அமர்ந்து எழுதினால் கைவந்துவிடும். வெட்கப்பட்டுக் கேட்காமல் விட்டால்தான் மேல்முறையீடு செய்த விவசாயி மாதக்கணக்கில் அலைய நேரும். எழுத உட்கார்ந்தும் 'நான் போதாது' என்பதைத் தவிர ஒரு வரியும் வரவில்லையா? அப்போது அந்தத் தாளில் இருப்பது குறையன்று, முன்பு யாரோ முதுகுக்குப் பின்னே சொன்ன சொல்.

வீட்டிலுள்ளோருக்கும் ஒன்று. 'நம்ம கோட்டா இருந்ததால்தான் கிடைத்தது' என்று அத்தாவோ மாமாவோ விருந்தினரிடம் பெருமையாகச் சொல்லும்போது, சமையலறையிலிருந்து அந்தப் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.