இடி மின்னலின்போது செல்போன் பேசலாமா? குளிக்கலாமா? உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது?

வானம் இருட்டி, முதல் இடி சத்தம் கேட்டதும் நம் வீடுகளில் வரும் முதல் குரல், ‘போனை ஆஃப் பண்ணு!’ என்பதுதான். அதே நேரத்தில், வயலில் வேலை செய்பவர்கள் மழைக்கு ஒதுங்க மரத்தடிக்கு ஓடுகிறார்கள். இந்த இரண்டில் உயிரைப் பறிக்கக்கூடியது இரண்டாவதுதான்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, இந்தியாவில் அந்த ஒரே ஆண்டில் மின்னல் தாக்கி 2,887 பேர் உயிரிழந்திருக்கிறார்கள். அந்த ஆண்டு இயற்கைச் சீற்றங்களால் ஏற்பட்ட மரணங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இது. எதற்குப் பயப்படணும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்பது தெரிய, மின்னல் ஒரு மனிதரை எந்த வழியாக வந்தடைகிறது என்பதை முதலில் புரிந்துகொள்வோம்.

மின்னல் நம்மை எப்படி வந்தடைகிறது?

மின்னல் என்றால் வானத்திலிருந்து நேராக ஒருவர் தலையில் விழுவது என்றுதான் நினைக்கிறோம். ஆனால் அப்படி நேரடியாகத் தாக்கப்படுபவர்கள் மிகக் குறைவு. பாதிக்கப்படும் 100 பேரில் சுமார் 5 பேர்தான் அப்படி என்பது மின்னல் காயங்களை ஆராய்ந்த மருத்துவர்களின் கணிப்பு. மற்றவர்களுக்கு மின்னல் சுற்றி வளைத்துத்தான் வருகிறது.

முதல் வழி, மரம். மரத்தில் இறங்கும் மின்னல் மரத்தோடு நின்றுவிடாது. மரத்தை விட மனித உடலில் மின்சாரம் எளிதாகப் பாயும். அதனால் பாதி வழியில் அடிமரத்தை விட்டு, பக்கத்தில் நிற்பவர் மேல் தாவிவிடும். 

இரண்டாவது வழி, தரை. உயிரிழப்புகளில் பெரும்பங்கு இப்படித்தான் நடக்கிறது. மின்னல் விழுந்த இடத்திலிருந்து மின்சாரம் மண் வழியாக நாலாபக்கமும் பரவும். அந்த இடத்துக்குக் கிட்டே இருக்கும் காலுக்கும், தள்ளி இருக்கும் காலுக்கும் இடையே மின்னழுத்த வித்தியாசம் உண்டாகும். ஒரு கால் வழியாக ஏறி மறு கால் வழியாக மின்சாரம் இறங்கும்.

மாடுகள் கூட்டமாகச் செத்துக் கிடப்பதற்கு இதுதான் காரணம். மாட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம், நடுவில் இதயம் இருக்கிறது. 2016 ஆகஸ்ட்டில் நார்வேயின் ஹார்டாங்கர்விடா பீடபூமியில் 323 கலைமான்கள் ஒரே இடியுடன் கூடிய மழையில் இறந்து கிடந்தன. நெருக்கமாகக் கூடி நின்ற கூட்டத்தைத் தரை வழியாக வந்த மின்சாரம் சாய்த்துவிட்டது.

மூன்றாவது வழி, தொடுதல். மின்கம்பி, தண்ணீர்க் குழாய், கம்பி வேலி, துணி காயப்போடும் கம்பி என எங்கோ விழுந்த மின்னலை நம்மிடம் கொண்டுவந்து சேர்ப்பவை இவை. வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு ஆபத்து பெரும்பாலும் இந்த வழியாகத்தான்.

அப்போ செல்போன் பேசலாமா?

வீட்டுக்குள் இருந்தால், சார்ஜர் செருகாத செல்போனில் தாராளமாகப் பேசலாம். செல்போனோ அதன் சிக்னலோ மின்னலை ஈர்ப்பதில்லை. பல கிலோமீட்டர் தூரம் காற்றைக் கிழித்துக்கொண்டு வரும் மின்னலுக்கு, அந்த இடத்தில் எது உயரமாக, தனியாக நிற்கிறது என்பதுதான் கணக்கு. கையளவு போன் அந்தக் கணக்கிலேயே வராது.

இந்தப் பயத்துக்கு ஒரு சம்பவமும் காரணம். லண்டனில் ஒரு பூங்காவில், மழை நேரத்தில் செல்போனில் பேசிக்கொண்டிருந்த 15 வயது சிறுமியை மின்னல் தாக்கியது. சிகிச்சை அளித்த மருத்துவர்கள் 2006இல் ஒரு மருத்துவ இதழில் இதைக் கடிதமாக எழுத, செய்தி உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் அந்தச் சிறுமி நின்றிருந்தது திறந்தவெளியில். போன் கையில் இல்லாமல் இருந்திருந்தாலும் ஆபத்து அதேதான். உலோகப் பொருள் உடம்பை ஒட்டி இருந்தால் அந்த இடத்தில் தீக்காயம் கூடலாம், அவ்வளவுதான்.

சார்ஜரில் செருகிய போன், ஒயர் உள்ள லேண்ட்லைன், ஒயர் ஹெட்போனோடு பிளக்கில் இருக்கும் லேப்டாப் இவையெல்லாம் வேறு கதை. தெருக்கம்பத்தில் விழும் மின்னல் ஒயர் வழியாக வீட்டுக்குள் வரும்போது, அந்த ஒயரின் மறுமுனையில் உங்கள் காது இருக்கக் கூடாது.

குளிப்பது, பாத்திரம் கழுவுவது?

இடி அடங்கும்வரை தள்ளிப்போடுங்கள். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் இரும்புக் குழாய் மின்சாரத்துக்கு நேர்வழி. பிளாஸ்டிக் குழாய் என்றால் ஆபத்து குறையும், ஆனால் முழுசாகப் போகாது. ஷவர், குழாயடி, வாஷிங் மெஷின் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். வாளியில் ஏற்கெனவே பிடித்து வைத்த தண்ணீரை எடுத்துப் புழங்குவதில் பிரச்னை இல்லை.

டிவி, ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்குவது நல்லதுதான். ஆனால் இடி தொடங்கும் முன்பே பிடுங்கணும். இடி இடிக்கும்போது பிளக்கையும் கேபிள் ஒயரையும் பிடித்து இழுப்பது, டிவியைக் காப்பாற்ற நாம் ஆபத்தில் சிக்குவது போல. அதேபோல ஜன்னல் கம்பியைப் பிடித்து மழையை வேடிக்கை பார்ப்பதையும், காயும் துணியை எடுக்க மொட்டை மாடிக்கு ஓடுவதையும் தவிருங்கள்.

ஏரி, குளம், கடலில் இருந்தால் உடனே கரையேறுங்கள். பரந்த நீர்ப்பரப்பில் நீந்துபவரின் தலையும், படகில் இருப்பவரின் உடலும்தான் உயரமான புள்ளி. தண்ணீரில் விழும் மின்னல் மேற்பரப்பிலேயே அதிகம் பரவும். நீந்துபவரின் தலையும் நெஞ்சும் இருப்பது அங்கேதான்.

திறந்த வயலில் என்ன நடக்கிறது? ஒரு கணக்கு

தமிழ்நாட்டில் கோடை மழைக் காலத்திலும், செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும் பிற்பகலில்தான் இடி மழை அதிகம். அதாவது களையெடுப்பும் நடவும் நடக்கும் நேரம். உதாரணத்துக்கு ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்வோம்.

மதியம் 2.30 மணி. நிலக்கடலைக் காட்டில் 8 பெண்கள் களையெடுக்கிறார்கள். வந்த வேன் 600 மீட்டர் தள்ளி தார்ச்சாலையில் நிற்கிறது. வரப்போரம் ஒரு வேப்ப மரம், பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. மேற்கே ஒரு மின்னல் வெட்டு. எண்ணத் தொடங்கினால் 24ஆவது விநாடியில் இடிச் சத்தம் கேட்கிறது. சத்தம் ஒரு கிலோமீட்டரைக் கடக்கச் சுமார் 3 விநாடி ஆகும். அப்படியென்றால் மின்னல் வெட்டியது 8 கிலோமீட்டர் தூரத்தில்.

‘இன்னும் மழையே வரல, இந்தப் பாத்தியை முடிச்சிடலாம்’ என்று தோன்றும். இங்கேதான் கணக்கு தப்பாகிறது. மழை மேகத்திலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளிக்கூட மின்னல் விழும். 8 கிலோமீட்டர் என்றால் அந்த 8 பேரும் ஏற்கெனவே ஆபத்து எல்லைக்குள் இருக்கிறார்கள். காட்டு வழியே வேனுக்கு நடக்க 8 முதல் 10 நிமிடம் ஆகும். மழை தொடங்கிய பிறகு கிளம்பினால் வேனை எட்ட முடியாது. அப்போது கண்ணுக்குத் தெரிவது வேப்ப மரமும் கொட்டகையும்தான். 8 பேரும் ஒரே இடத்தில் நெருக்கியடித்து நிற்பார்கள். ஒரே மின்னலில் மூன்று, நான்கு பேர் இறந்ததாக வரும் செய்திகளின் பின்னால் பெரும்பாலும் இந்தக் காட்சிதான் இருக்கிறது.

சரியான முடிவு, இடி காதில் விழுந்த உடனே கிளம்புவது. மேல்கூரையோடு மூடிய வேன், பேருந்து, கார் பாதுகாப்பானவை. டயர் ரப்பர் என்பது இதற்குக் காரணம் இல்லை. மின்சாரம் வெளிப்புற உலோகத் தகடு வழியாகவே தரையில் இறங்கிவிடும் என்பதுதான் காரணம். கண்ணாடியை ஏற்றிவிட்டு, உள்ளே உலோகத்தைத் தொடாமல் உட்காரணும். பைக், ஆட்டோ, திறந்த டிராக்டர், பக்கச்சுவர் இல்லாத தகரக் கொட்டகை, பஸ் நிழற்குடை எதுவும் பாதுகாப்பு தராது. கான்கிரீட் மோட்டார் ரூமுக்குள் போனால் கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்டார்ட்டரையும் பைப்பையும் தொடாமல் நடுவில் நில்லுங்கள்.

எங்கேயும் போக வழியே இல்லை என்றால்? தனி மரம், கம்பி வேலி, மின்கம்பம் மூன்றையும் விட்டு விலகுங்கள். ஒருவருக்கொருவர் குறைந்தது 15 மீட்டராவது தள்ளிப் போங்கள். ஒருவர் விழுந்தாலும் மற்றவர் உதவ முடியும். இரண்டு பாதங்களையும் ஒட்டிவைத்துக் குந்துங்கள், தரையில் படுக்காதீர்கள். இது ஆபத்தைக் கொஞ்சம் குறைக்கும், ஆனால் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. ரப்பர் செருப்பும் காப்பாற்றாது.

கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப வேலையில் இறங்கணும். மழை விட்டதும் இறங்குவது தவறு. விலகிப் போகும் மேகத்திலிருந்தும் மின்னல் விழும்.

இதில் கூலிக் கணக்கும் இருக்கிறது. பாதியில் கிளம்பினால் அரைநாள் கூலி போய்விடுமோ என்ற பயத்தில், யாரும் முதலில் எழுந்திருக்க மாட்டார்கள். அதனால் இந்த முடிவை எடுக்க வேண்டியவர் நிலத்துக்காரரோ மேஸ்திரியோதான். இடி கேட்டால் வேலை நிற்கும், கூலி குறையாது என்று காலையிலேயே சொல்லிவிட்டால், அந்த 10 நிமிடம் வீணாகாது.

புனேவில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ‘தாமினி’ செயலி, நீங்கள் இருக்கும் இடத்தைச் சுற்றி 20 முதல் 40 கிலோமீட்டருக்குள் மின்னல் இருக்கிறதா என்று காட்டும். லொக்கேஷனை ஆன் செய்திருக்கணும், சிக்னலும் வேண்டும். ஆக, வயலில் போனைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை, முன்கூட்டியே எச்சரிப்பதும் அதே போன்தான்.

ஒருவர் மேல் மின்னல் விழுந்துவிட்டால்?

தொடலாம். மின்னல் பட்டவர் உடலில் மின்சாரம் தங்கியிருக்காது. ‘தொட்டால் நமக்கும் ஷாக் அடிக்கும்’ என்று தள்ளி நின்றதாலேயே போன உயிர்கள் உண்டு. சில மாநிலங்களில் இருப்பது போல மாட்டுச் சாணத்தில் புதைப்பதும் நேரத்தை வீணடிப்பதுதான்.

மின்னல் இதயத்தை ஒரு கணம் நிறுத்திவிடும். பல நேரம் இதயம் தானாகவே திரும்பத் துடிக்கும். ஆனால் மூச்சு திரும்பத் தாமதமாகும், அந்த இடைவெளியில் இதயம் மறுபடி நின்றுவிடும். அதனால் பலர் விழுந்து கிடந்தால், முனகுபவரிடம் முதலில் போகாதீர்கள். அசைவின்றி, மூச்சின்றிக் கிடப்பவரிடம் போங்கள். முனகுபவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்.

ஒருவர் 108க்கு அழைக்கட்டும். இன்னொருவர் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தணும். பயிற்சி உள்ளவர் வாயோடு வாய் வைத்து மூச்சும் கொடுக்கலாம். மின்னல் இன்னும் வெட்டிக்கொண்டிருந்தால், முடிந்தால் முதலில் அவரை வேனுக்கோ கட்டடத்துக்கோ தூக்கிச் செல்லுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை அழுத்துவதை நிறுத்தாதீர்கள்.