ஓடும் எழுத்தும் கலங்க வேண்டும்

புளியறை வயலோரம் விரையும் பஸ்ஸை வீடியோ எடுத்து, அதன் மேல் ஊர்ப் பெயரை ஓட விட்டேன். பஸ் சற்றுக் கலங்கலாகத் தெரிய, எழுத்து மட்டும் ஸ்டிக்கர் போல் துல்லியமாக ஓடியது.

கேமராவின் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் பஸ் நகர்ந்துவிடுவதுதான் காரணம். விநாடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 விநாடி என்றால், பிரேமுக்குரிய நேரத்தில் பாதிதான் பதிவாகிறது. எனவே பிரேமுக்கு 40 பிக்ஸல் நகரும் எழுத்து 20 பிக்ஸல் கலங்க வேண்டும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் எழுத்து லேயருக்கு Motion Blur கொடுத்து, Shutter Angle-ஐ 180 ஆக வையுங்கள்.

எதற்கும் 180 என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். உச்சி வெயிலில் கேமரா தானாகவே 1/1000-க்குப் போயிருந்தால் பஸ்ஸே துல்லியமாக இருக்கும். அங்கே 9 போதும். வீடியோவை நிறுத்தி பஸ்ஸின் விளிம்பைப் பாருங்கள். திரையில் அதே வேகத்தில் ஓடும் எழுத்தும் அவ்வளவுதான் இழுபட வேண்டும்.