வாட்டம் எழுதாத படத்துக்கு முன்பணம் எதற்கு?

2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட உரிமையாளரின் சுயசான்றே போதும் என்று 2024 ஜூலையில் தமிழக அரசு வழி திறந்துவிட்டது. அலைச்சல் மிச்சம்தான். ஆனால், சான்று தரும் உரிமையாளருக்குத் தன் வீட்டுக் கழிவுக் குழாய் எந்தப் பக்கம் சரிகிறது என்று தெரியுமா? பழைய அடுக்ககத்தில் குளியலறையை இடித்துப் புதுப்பிப்பவர் நிலை இன்னும் மோசம். அவர் பார்ப்பதெல்லாம் டைல்ஸ் நிறம்தான். பிளம்பர் தந்த படம் அலமாரிக்குள் போய்விடுகிறது.

உறவினர் ஒருவர் வீட்டுக்கு வந்த படத்தைப் பார்த்தேன். டக்ட் பக்கம் இருந்த கம்மோடை எதிர்ச்சுவருக்கு மாற்றுகிறார்கள். 110 மி.மீ. குழாய், நீளம் 2.4 மீட்டர். டைல்ஸ் தரை மட்டத்தைப் பூஜ்யமாக வைத்து, குழாயின் உள் அடிமட்டம் கம்மோடு பக்கம் –220, டக்ட்டில் இறங்கும் இடத்தில் –250 என்று எழுதியிருந்தது. அம்புக்குறி சரியான திசையில்தான் இருந்தது. பலரும் அந்த அம்பைப் பார்த்துத் தலையாட்டிவிடுவார்கள். கழித்துப் பாருங்கள்: 2,400 மி.மீ. தூரத்துக்கு இறக்கம் வெறும் 30. அதாவது, 1:80.

இந்த அளவுக் குழாய்க்கு இங்கே வழக்கமாக வைக்கும் வாட்டம் 1:40. நாற்பது அங்குலம் போனால் ஓர் அங்குலம் இறங்க வேண்டும். இந்த ஒரு விகிதத்தைப் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் சேர்த்தால்கூடத் தகும் என்பேன். வெளிநாட்டு விதிகளில் 1:96 வரை அனுமதி உண்டே என்று சில பொறியாளர்கள் மடக்குவார்கள். குழாய்க்கு அடியில் செங்கல் துண்டை முட்டுக் கொடுத்து வேலை செய்யும் ஊரில் அந்த வாதம் செல்லாது. 30 மி.மீ. வாட்டத்தை நகர்ந்த ஒரே ஒரு முட்டு தின்றுவிடும்.

சரியான கணக்குப்படி 60 மி.மீ. இறக்கம் வேண்டும். டக்ட்டில் உள்ள பழைய இணைப்பை அசைக்க முடியாது, அது –250தான். ஆகவே, கம்மோடு பக்கம் –190க்கு உயர வேண்டும். அப்போது குழாயின் முதுகு தரைக்குக் கீழே ஏறத்தாழ 80 மி.மீ.யில் இருக்கும். டைல்ஸுக்கும் அதன் கலவைக்கும் சுமார் 50 போனாலும் சமாளிக்கலாம். இதே கம்மோடை 4 மீட்டர் தள்ளி வைக்க ஆசைப்பட்டால் இறக்கம் 100 ஆகும்; குழாய் முதுகு தரைக்கு 40 மி.மீ. கீழே வந்து நிற்கும். டைல்ஸ் போட இடமில்லை. குளியலறைத் தரையை உயர்த்த வேண்டும். இல்லையென்றால், வாட்டத்தைத் திருட வேண்டும். எது நடக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

"முப்பது வருஷ அனுபவம் சார், படமெல்லாம் எதுக்கு?" என்பவரிடம் வாதாடிப் பயனில்லை. அடைத்துக்கொண்டால் அவருக்கு இன்னொரு வேலை. நமக்குக் கீழ்வீட்டுக்காரரோடு தகராறு.

அடுத்தது கம்மோடின் இருப்பிடம். தரையில் இறங்கும் எஸ் ட்ராப் வகையில், சுவரிலிருந்து துளையின் மையம் வரை உள்ள தூரம் மாடலுக்கு மாடல் மாறும். 9 அங்குலமும் உண்டு, 12 அங்குலமும் உண்டு. படத்தில் 300 மி.மீ. என்றிருந்தால், எந்தச் சுவரிலிருந்து என்று கேளுங்கள். செங்கல் சுவரிலிருந்து அளந்திருந்தால், பூச்சும் டைல்ஸும் சேர்ந்து சுமார் 25 மி.மீ.யை விழுங்கிவிடும். மீதி 275. 300 கேட்கும் கம்மோடின் தொட்டி சுவரில் முட்டும். கம்மோடைத் தேர்ந்தெடுத்து, அதன் அளவுத்தாளைப் படத்தோடு ஒப்பிட்ட பிறகே தரையைக் கொத்த விட வேண்டும். நடப்பது தலைகீழ்: குழாய் முதலில், கடைக்குப் போவது கடைசியில்.

படம் சரியாக இருந்தும் வேலை பிசகலாம். குழாய் போட்டதும், மண்ணோ கலவையோ கொட்டி மூடுவதற்கு முன், 600 மி.மீ. ரசமட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். அதைக் குழாயின் முதுகில் நீளவாக்கில் வைத்து, தாழ்ந்த முனைக்கடியில் 15 மி.மீ. தடிமனுள்ள துண்டைச் செருகினால் குமிழி நடுவில் நிற்க வேண்டும். அதுதான் 1:40. சாக்கெட் மீது வைத்தால் பொய் சொல்லும். வெறும் குழாய்மீது வையுங்கள். ஒரே இடத்தில் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள், நடுவில் தொய்வு இருந்தால் அங்கேதான் கழிவு தங்கும்.

சுயசான்று கேட்கும் அரசு இன்னொன்றும் செய்யட்டும். உள் அடிமட்டமும் வாட்டமும் குறித்த குழாய்ப்படம் இணைக்காத எந்த அடுக்கக வீட்டையும் பத்திரப்பதிவு செய்யக் கூடாது. அதுவரை, வாட்டம் எழுதாத படத்தைக் கொண்டுவருபவருக்கு ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள்.