பிரெஞ்சு தெரியாத பெற்றோரும் பாடம் கேட்கலாம்

1/5
காளப்பநாயக்கன்பட்டி பக்கத்துப் பெற்றோர் சிலர் கேட்கிறாங்க: "பிளஸ் ஒன்ல பையன் தமிழுக்குப் பதிலா பிரெஞ்சு எடுத்திருக்கான். எங்களுக்கு ஒண்ணும் தெரியாதே டாக்டர்?"
2006 தமிழ் கற்றல் சட்டப்படி பத்தாவது வரை தமிழ் கட்டாயம். அதனால் இவங்களுக்கு பிரெஞ்சு பதினொன்றில்தான் முதல் எழுத்திலிருந்து தொடங்குது.
உங்களுக்கு ஏபிசிடி தெரிஞ்சா போதும்.

2/5
ஒப்பிக்கச் சொல்லாதீங்க, எழுதச் சொல்லுங்க. பிரெஞ்சில் கடைசி எழுத்துகள் பல ஒலிக்காது. 'நீ பேசுகிறாய்', 'அவர்கள் பேசுகிறார்கள்' இரண்டிலும் வினைச்சொல் 'பார்ல்' என்றே கேட்கும். எழுதும்போது முதலாவது இ-எஸ் என்று முடியும், இரண்டாவது இ-என்-டி என்று முடியும். வாயால் சொன்னால் சரியா இருக்கும். பேப்பரில் மார்க் போகும்.

3/5
செய்முறை: தினம் பத்து வார்த்தை. புத்தகம் உங்க கையில். நீங்க தமிழ் அர்த்தம் சொல்லுங்க, பிள்ளை எழுதட்டும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்க. எழுத்தின் மேலுள்ள சின்னக் கோடும் கணக்கு. தப்பானதை மறுநாளும், மூணு நாள் கழிச்சும் திரும்பக் கேளுங்க. திரும்பப் படிப்பதைவிட இப்படி யோசிச்சு எடுப்பதுதான் நினைவில் நிற்கும்.

4/5
பிரெஞ்சில் பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. புத்தகம் 'லு லீவ்ர்', ஆண்பால். மேசை 'லா தாப்ல்', பெண்பால். பெரும்பாலும் அர்த்தத்தை வைத்து ஊகிக்க முடியாது. லு, லா இல்லாமல் வெறும் 'லீவ்ர்' என்று எழுதினால் தப்புன்னே வைங்க.

5/5
உச்சரிப்பை மட்டும் நீங்க திருத்த வேண்டாம். பாட வரிகளுக்கு மேல் தமிழில் எழுதி வைத்துப் படிக்கிறானா பாருங்க. அப்படின்னா காதுக்குப் பழகலைன்னு அர்த்தம். ஆசிரியரிடம் அந்தப் பாடத்தை வாய்ஸ் மெசேஜா கேட்டு வாங்கி, வரியைப் பார்த்துக்கிட்டே கூடவே சொல்லச் சொல்லுங்க.