வகுப்பறையில் அரசு யார்?



போன வாரம் என்னிடம் படித்த ஒரு பெண் போன் செய்தாள். இப்போது புவனகிரி பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறாள். "சார், பத்தாம் வகுப்புக்கு அடிப்படை உரிமைகள் நடத்துறேன். ஆறு உரிமையையும் வரிசையா ஒப்பிக்கிறாங்க. ஒரு சம்பவத்தைச் சொல்லி, இதுல எந்த உரிமை இருக்குன்னு கேட்டா முழிக்கிறாங்க. நீங்க எப்படி சார் நடத்துவீங்க?" என்று கேட்டாள். போனில் அரைகுறையாகத்தான் சொல்ல முடிந்தது. முழுவதையும் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் செய்த ஒரு தப்பும் இதில் இருக்கிறது.

என் கருத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பாடத்தைப் பட்டியலில் தொடங்கக் கூடாது. பள்ளிக்கூடத்தில் நடக்கிற ஒரு சிக்கலில் தொடங்க வேண்டும். அந்தச் சிக்கலில் இரண்டு பக்கமும் ஏதோ ஒரு நியாயம் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நியாயம் இருந்தால் பிள்ளைகள் யோசிக்க மாட்டார்கள், நமக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

இனி என் தப்பு. தொண்ணூறுகளில் நடந்தது. ஒன்பதாம் வகுப்பு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முதல் பாடவேளை. தேர்வுக் கட்டணம் வசூல் செய்து வைத்திருந்த வகுப்புத் தலைவி, 180 ரூபாயைக் காணோம் என்று அழுதுகொண்டே வந்தாள். நான் கதவைச் சாத்தினேன். நாற்பது பேர் பையையும் பார்க்கவில்லை. மூன்று பையன்களை எழுப்பி, அவர்கள் பையை மட்டும் மேசைமேல் கொட்டினேன். மூவரும் ஒரே காலனியிலிருந்து வருகிறவர்கள். ஒன்றும் இல்லை. மறுநாள் அந்தப் பணம் தலைவியின் வடிவியல் பெட்டிக்குள்ளேயே மடித்த காகிதத்துக்கு அடியில் இருந்தது. "சரி, கிடைச்சிடுச்சுல்ல, விடுங்க" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடங்கிவிட்டேன்.

அன்று சாயங்காலம் மூவரில் ஒருவன் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் காத்திருந்தான். "சார், எங்க மூணு பேர் பையை மட்டும் ஏன் சார் பாத்தீங்க?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாத வாத்தியார் என்ன செய்வாரோ அதைச் செய்தேன். அதட்டி அனுப்பிவிட்டேன்.

அடுத்த ஆண்டு இந்தப் பாடம் வந்தபோது சாக்பீஸைக் கையில் எடுத்தும் எழுத முடியவில்லை. அவன் கேள்விதான் முன்னால் நின்றது. "ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார்" என்று யாருடையதோ கதை போலச் சொன்னேன். ஓய்வு பெறும் வரை ஒவ்வோர் ஆண்டும் அதுவே என் முதல் பயிற்சி. அதோடு நான்கு கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிவிடுவேன். செய்தது யார்? எந்த உரிமை தொடப்பட்டது? அப்படித் தொட நியாயமான காரணம் இருந்ததா, வேறு வழி இருந்ததா? பாதிக்கப்பட்டவர் யாரிடம் போகலாம்?

முதல் கேள்வியைப் பெரும்பாலான ஆசிரியர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் பாடத்தின் வாசலே அதுதான். அடிப்படை உரிமைகளில் பெரும்பாலானவை அரசுக்கு எதிராக நமக்குத் தரப்பட்டவை. அரசு என்றால் யார் யார் என்பதை 12ஆம் பிரிவு சொல்கிறது. பிள்ளைகளிடம் கேட்டால் கோட்டை, கலெக்டர், போலீஸ் என்பார்கள். "இந்த வகுப்பறையில் அரசு யார்?" என்று கேட்டால் அமைதியாகிவிடும். பிறகு பின் பெஞ்சிலிருந்து ஒருவன் தயங்கித் தயங்கி "நீங்களா சார்?" என்பான். ஆமாம், அரசுப் பள்ளியில் அதிகாரத்தோடு நிற்கிற ஆசிரியர் அந்த நேரத்தில் அரசின் கைதான். தனியார் பள்ளி என்றால் இவ்வளவு நேராகச் சொல்ல முடியாது. அங்கே தனித்தனிச் சட்டங்கள் வழியாகத்தான் பெரும்பாலும் பாதுகாப்பு வரும். அந்த வித்தியாசத்தையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது கேள்விக்குச் சமத்துவம் என்று சட்டென்று வந்துவிடும். அங்கேயே விட்டுவிடக் கூடாது. ஒருமுறை ஒரு மாணவன் எழுந்து, "அந்த வாத்தியார் சாதி கேக்கல சார், தெருவைத்தான் பாத்தாரு. 15ஆம் பிரிவுல தெருன்னு இல்லையே" என்றான். நல்ல கேள்வி. அந்தப் பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் இவற்றைத்தான் சொல்கிறது. அப்போது ஒரு பெண் திருப்பிக் கேட்டாள்: "நம்ம ஊர்ல தெருவைச் சொன்னா சாதியைச் சொன்ன மாதிரிதானே?" வகுப்பே இரண்டாகப் பிரிந்து பேசியது. நான் வாயைத் திறக்கவில்லை. சாதிப் பெயரைச் சொல்லாமலே சாதி பார்க்க முடியும் என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள்.

பிறகு கதையை ஒரு சுற்றுத் திருப்புவேன். நாற்பது பையையும் கொட்டியிருந்தால் சரியா? சமத்துவச் சிக்கல் போய்விட்டது. "எங்க பையையும் எல்லார் முன்னாடியும் கொட்டுவாரா சார்?" என்று மாணவிகள் கேட்பார்கள். அதுதான் அந்தரங்க உரிமை. 2017இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அது 21ஆம் பிரிவுக்குள் வரும் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னார்கள். அந்த உரிமையில் அரசு கைவைக்க வேண்டுமானால் சட்டம் வேண்டும், சரியான நோக்கம் வேண்டும், நோக்கத்துக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும். இந்தக் கடைசி அளவுகோலைத்தான் "வேறு வழி இருந்ததா?" என்று எளிமையாக மூன்றாவது கேள்வியில் வைத்திருக்கிறேன். இதைக் கேட்டால் எல்லா ஆண்டும் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "முதல்ல லீடரையே அவங்க பெட்டியை ஒழுங்கா தேடச் சொல்லியிருக்கலாம் சார்." ஒரு பதினான்கு வயசுப் பிள்ளைக்குத் தோன்றியது எனக்கு அன்று தோன்றவில்லை.

நான்காவது கேள்விக்கு நம் மாவட்டத்து வழக்கு ஒன்று இருக்கிறது. 1993இல் நகைத் திருட்டுச் சந்தேகத்தில் ராஜாக்கண்ணு என்பவரைக் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை. அவர் மனைவி சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். அவருக்காக வாதாடியவர் பிற்காலத்தில் நீதிபதியான சந்துரு. 'ஜெய் பீம்' படம் வந்த பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்தக் கதை தெரியும். உரிமை பறிபோனால் எங்கே போவது என்று கேட்டால் எல்லோரும் 32ஆம் பிரிவு என்று எழுதுவார்கள். அது உச்ச நீதிமன்றத்துக்கு நேராகப் போகிற வழி. உயர் நீதிமன்றத்துக்குப் போகிற வழி 226ஆம் பிரிவு. அந்த அம்மா தட்டிய கதவு அதுதான். இந்த வழக்கைப் பேசி முடித்ததும் வகுப்பில் ஒரு கேள்வி தானாக வரும்: திருட்டு என்றதும் சிலரை மட்டும் சந்தேகப்படுகிற பழக்கம் எங்கே ஆரம்பிக்கிறது? நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

அடுத்த பயிற்சி காலை வழிபாட்டுக் கூட்டம். தேசிய கீதம் பாடும்போது மூன்று பிள்ளைகள் மரியாதையாக எழுந்து நிற்கிறார்கள், ஆனால் பாடவில்லை. தங்கள் மதம் அனுமதிக்கவில்லை என்கிறார்கள். தலைமை ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்? உடனே பெரும்பான்மை "டி.சி. கொடுக்கணும்" என்று சொல்லும். சொல்லட்டும். கைதூக்கச் சொல்லி எண்ணிக்கையைக் கரும்பலகையில் எழுதிவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் இது உண்மையில் நடந்தது என்று சொல்ல வேண்டும்.

கேரளத்தில் 1985 ஜூலையில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த அண்ணன், தங்கைகள் மூவரைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். கேரள உயர் நீதிமன்றத்தில் அவர்கள் தோற்றார்கள். பிஜோ இம்மானுவேல் வழக்கு என்ற பெயரில் அது உச்ச நீதிமன்றம் போய், 1986 ஆகஸ்டில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அமர்வு நீக்கியது செல்லாது என்று தீர்ப்பளித்தது. காரணத்தைப் படிப்படியாகச் சொல்ல வேண்டும். கீதத்தை மதிப்பது 51அ பிரிவின்படி கடமை. ஒழுங்காக எழுந்து நின்றாலே மதித்ததாகும். பாடியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இருந்தது கல்வித் துறையின் சுற்றறிக்கைதான். பேச்சுரிமையையும் மத உரிமையையும் வெறும் சுற்றறிக்கையால் கட்டுப்படுத்த முடியாது.

இப்போது மறுபடி கைதூக்கச் சொல்லுங்கள். எண்ணிக்கை மாறும், ஆனால் எல்லோரும் மாற மாட்டார்கள். மாறாதவர்களை மடக்கக் கூடாது. அதற்குப் பதில் கதையை மாற்றிக் கொடுங்கள். அதே பிள்ளைகள் உட்கார்ந்தே இருந்தால்? மற்றவர்கள் பாடும்போது சத்தம் போட்டால்? வேண்டுமென்றே பாடுவதைத் தடுப்பதும், பாடுகிற கூட்டத்தில் இடையூறு செய்வதும் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உரிமைக்கு ஓர் எல்லை இருக்கிறது, அந்த எல்லையையும் சட்டம்தான் போட வேண்டும் என்று அப்போது புரிந்துவிடும்.

மூன்றாவது பயிற்சி சத்துணவு வரிசை. ஒரு பையன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட நான்கு பேர் மறுக்கிறார்கள். "செய்தது அரசு இல்லையே சார், அப்ப அடிப்படை உரிமை வராதே" என்பார்கள். முதல் கேள்வியை நன்றாகப் பிடித்துக்கொண்டவர்கள்தான் இப்படிச் சறுக்குவார்கள். சண்டை போட்டுக்கொண்டு விலகி உட்கார்ந்தால் அது அவர்கள் இஷ்டம். சாதியால் விலகினால் 17ஆம் பிரிவு வந்துவிடும். தீண்டாமை எந்த வடிவத்தில் இருந்தாலும் அது தடை செய்கிறது, செய்கிறவர் அரசா தனி ஆளா என்று பார்ப்பதில்லை. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பள்ளியை 1916இல் தொடங்கினார், அரசியலமைப்பு நடைமுறைக்கு வருவதற்கு 34 ஆண்டுகள் முன்பு. ஏன் தனியாக ஒரு பள்ளி தொடங்க வேண்டியிருந்தது என்று கேட்டால் போதும், 17ஆம் பிரிவை மனப்பாடம் செய்ய வேண்டாம்.

எச்சரிக்கையாக இரண்டு சொல்கிறேன். வகுப்பில் இருக்கிற பிள்ளையின் சொந்தச் சம்பவத்தை ஒருபோதும் கதையாக எடுக்காதீர்கள். பெயரை மாற்றினாலும் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும், அந்தப் பிள்ளை மறுபடி ஒருமுறை அவமானப்படும். இரண்டாவது, "வீட்டுப்பாடம் கொடுப்பது என் சுதந்திரத்துக்கு எதிரானது" என்று ஒருவன் கண்டிப்பாகச் சொல்வான். சிரித்துத் தள்ளாமல் நான்கு கேள்விகளையும் அவனையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாவது கேள்வியில் அவனே உட்கார்ந்துவிடுவான். பிடிக்காதது எல்லாம் உரிமை மீறல் இல்லை என்பதும் இந்தப் பாடத்தில் அடக்கம்.

கடைசியாக, அந்தச் சைக்கிள் நிறுத்தும் இடத்துக் கேள்விக்கு. தம்பி, என் பழைய மாணவர்கள் பலர் இதைப் படிக்கிறார்கள், நீயும் படிக்கலாம். அந்த மூன்று பையை மட்டும் நான் பார்த்தது, நீங்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறீர்கள் என்று எனக்குத் தெரிந்திருந்ததால்தான். வேறு காரணம் எதுவும் இல்லை. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் மூவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.