வடிகாலால் தாழும் பூமி

சதுப்பு நிலத்தைக் கண்டவுடன் வடிகால் வெட்டிச் சாகுபடிக்குக் கொண்டுவர வேண்டுமென்று எண்ணுவது குடியானவர்க்கு இயல்பு. களிமண் பூமியில் அவ்வெண்ணம் பெரும்பாலும் பலிக்கும். ஆனால் பீட் என வழங்கும் கருஞ்சேற்றுப் பூமியில் வடிகால் வெட்டுவது முதலை எடுத்துச் செலவிடுவதற்கு ஒப்பாகும் என்பது எனது அபிப்பிராயம். அதன் காரணத்தை ஈண்டுக் கூறுவேன்.

பீட் என்பது மண்ணன்று. முற்றும் மக்காத செடிகொடிகளின் குவியலே. எருக்குழியில் குப்பை மக்குவதற்குக் காற்று வேண்டும் என்பதை யாவரும் அறிவர். நீர் எப்பொழுதும் நிறைந்த பள்ளத்தில் காற்று உட்புகாது. ஆகையால் ஆண்டுதோறும் மடியும் பாசியும் கோரையும் முழுதும் மக்காமல் ஒன்றன்மேலொன்றாய்ப் படிகின்றன. இங்ஙனம் ஓர் அங்குலம் சேர ஏறக்குறைய 25 ஆண்டுகள் செல்லும். உலர்ந்த பீட்டின் நிறையில் சுமார் பாதி கரிச்சத்தாகும். உலக நிலப்பரப்பில் நூற்றுக்கு மூன்று பங்கே பீட் பூமியாயினும், உலகத்துக் காடுகளின் மரஞ்செடிகள் அனைத்திலும் உள்ளதினும் மிகுந்த கரி அதில் அடங்கியிருக்கிறது.

வடிகாலின் பயனை அளந்து காட்டும் சான்று ஒன்று இங்கிலாந்தில் உளது. அந்நாட்டின் கிழக்கே ஹோம் என்னும் ஊரையடுத்து விட்டில்சி என்ற பெரிய ஏரி இருந்தது. 1851-ஆம் ஆண்டில் நீரிறைக்கும் யந்திரங்கொண்டு அதை வற்றச்செய்தனர். பூமி தாழுமென்று முன்னரே உணர்ந்தவர்கள், அடியிலுள்ள களிமண்ணில் ஊன்றிய இரும்புத் தூணொன்றைப் புதைத்து, அதன் உச்சி தரைமட்டத்துக்குச் சமமாக இருக்கும்படி அமைத்தனர். 1860-இல் தூண் 4 அடி 9 அங்குலம் வெளியே தெரிந்தது. 1892-இல் 10 அடி ஆயிற்று. இப்பொழுது சுமார் 13 அடி தரைக்குமேல் நிற்கிறது. தூண் உயரவில்லை, பூமியே தாழ்ந்தது. இன்று அவ்விடம் கடல்மட்டத்துக்கும் கீழே கிடக்கிறது.

இத்தாழ்வு முழுவதையும் மக்கலென்று கொள்ளலாகாது. முதல் ஒன்பது ஆண்டுகளில் ஆண்டுக்கு ஆறு அங்குலத்துக்கு மேல் தாழ்ந்ததற்குப் பெருங்காரணம், நீர் நீங்கியமையால் பீட் சுருங்கி அழுந்தியதே. பின்னர் மெதுவாக நிகழ்ந்த தாழ்விலேயே மக்கலின் பங்கு மிகுதி. இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டின், ஒரே கன அளவுள்ள மண்ணை ஆண்டுதோறும் எடுத்து உலர்த்தி நிறுக்க வேண்டும். நிறை கூடிக்கொண்டே வந்தால் பூமி அழுந்துகிறது. நிறை கூடாமல் மட்டம் மாத்திரம் தாழ்ந்தால் சரக்கே போய்விட்டது.

போகும் அளவைக் கணக்கிடுவோம். ஓர் ஏக்கரில் ஓர் அங்குலப் பீட் ஏறக்குறைய 100 கன மீட்டர். சாகுபடியில் உள்ள பீட் கன மீட்டருக்கு 200 கிலோ உலர்நிறை உடையதென்று வைத்தால், மொத்தம் 20 டன். அதில் 10 டன் கரி. அது காற்றுடன் கூடினால் 37 டன் கரியமில வாயுவாகும். மக்கலால் மாத்திரம் ஆண்டுக்குக் கால் அங்குலம் குறைந்தாலும், ஏக்கருக்கு ஒன்பது டன்னுக்கு மேல் வாயு வெளியேறும். இவ்வாயு உலகின் வெப்பத்தை மிகுவிப்பது.

குடியானவர்க்கு நேரும் கேடு வேறு. பூமி தாழத் தாழ, நீர்மட்டம் மீண்டும் வேர்க்கு அருகில் வந்துவிடும். உடனே வாய்க்காலை ஆழப்படுத்துவர். பூமி மறுபடியும் தாழும். ஈற்றில் யந்திரமின்றி நீர் வடியாது. அன்றியும் உலர்ந்த பீட் தீப்பற்றும். இந்தோனேசியாவின் காலிமாந்தானில் 1996-இல் பத்து லட்சம் ஹெக்டேரை நெல்வயலாக்கும் திட்டந்தொடங்கிக் கால்வாய்கள் வெட்டினர். 1997-இன் வறட்சியில் அப்பூமி தரையடியிலேயே கனன்று எரிந்தது. எதிர்பார்த்த நெல் விளையவில்லை, திட்டமும் கைவிடப்பட்டது.

பரிகாரம் யாதெனில், நீரைப் பயிர் பொறுக்கும் அளவுக்கு உயர்த்தி வைத்தலே. வாய்க்காலில் பலகை மதகு வைத்து, பயிரில்லாத காலத்தில் நீரை நிறுத்தலாம். நீர்மட்டத்தை நான்கு அங்குலம் உயர்த்தினால் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு மூன்று டன்னுக்குக் குறையாத அளவு கரியமில வாயு மிச்சமாகுமென்று 2021-இல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. ஆயினும் தரைக்குமேல் நீர் தேங்கி நின்றால் மீதேன் என்னும் சதுப்பு வாயு மிகும். ஆதலின் தரைக்குச் சற்றுக் கீழே நிறுத்துவதே உத்தமம். போன பீட்டை இது மீட்காது, எஞ்சியதைக் காக்கும்.

நமது நீலகிரியின் மேட்டுப் பள்ளத்தாக்குகளிலும் பல்லாயிரம் ஆண்டுப் பீட் படிவுகள் உள. அத்தகைய பள்ளத்தில் வடிகாலுக்கு அனுமதி கேட்டு விண்ணப்பம் வரின், கிராம உத்தியோகஸ்தர்கள் முதலாண்டு மகசூலை மாத்திரம் கருதாது, கம்பியொன்றை அடிமண் தட்டும்வரை இறக்கிக் கருமண்ணின் ஆழத்தை அளந்து, அதை விண்ணப்பத்தில் குறித்தனுப்புவார்களாக. அந்த ஆழமே அப்பூமியின் முதல்.